ஓடு புதைத்த கூரையும் பலகை அடுக்கிய கூரையும்: இரண்டு அறைகளின் பதிவு

வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் சேர்த்துக் கட்டினோம். ஒன்று படுக்கையறை, உள்ளளவு 3 மீட்டருக்கு 4.2 மீட்டர். மற்றது வேலை செய்வதற்கான அறை, 3.6-க்கு 4.5. முதல் அறைக்கு மங்களூர் ஓடு புதைத்த ஃபில்லர் ஸ்லாப் போட்டோம். இரண்டாவதற்குத் தரையில் வார்த்து மேலே தூக்கி வைக்கும் கான்கிரீட் பலகைக் கூரை. இரண்டிலும் கான்கிரீட் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. எங்கே குறைக்கலாம், எங்கே ஒரு கைப்பிடிகூடக் குறைக்கக் கூடாது என்பதைத்தான் நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டேன். அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓட்டுக் கூரை. சுவருக்குச் சுவர் நிற்கும் ஸ்லாப் எடை தாங்காமல் நடுவில் தொய்யப் பார்க்கும்போது அதன் மேல்பக்கம் நசுங்கப் பார்க்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கலைத் தாங்குவது கான்கிரீட், இழுவையைத் தாங்குவது கம்பி. அடிப்பக்கத்துக் கான்கிரீட் கம்பியைப் பிடித்து மூடி வைக்கிறதே தவிர இழுவையில் அதற்குப் பங்கில்லை. எங்கள் அறைக்குப் பொறியாளர் போட்ட கணக்கில், 125 மி.மீ. கனத்தில் உண்மையாக நசுங்கலைத் தாங்கும் பகுதி மேலிருந்து 15 முதல் 25 மி.மீ. மட்டும்தான். மீதிக் கனம், கம்பியை அந்த மேல் பகுதியிலிருந்து தள்ளி வைப்பதற்காக இருக்கிறது. அப்படியானால் கம்பி போகும் வரிசைகளை மட்டும் கான்கிரீட்டாக வைத்துவிட்டு, இடையில் உள்ளதை எடுத்துவிட்டு லேசான பொருளை வைக்கலாம். கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் இப்படித்தான் ஓடு புதைத்த கூரைகளைப் பரவலாகப் போட்டார்.

இதிலிருந்தே இந்த முறையின் எல்லையும் வந்துவிடுகிறது. மேல்பக்கம் நசுங்கும் இடத்தில்தான் அடியில் ஓடு வைக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் பால்கனியிலும் கதை தலைகீழ். அங்கே மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். அடியில் ஓடு வைத்தால் வேலை செய்கிற கான்கிரீட்டையே எடுத்துவிட்டோம் என்று ஆகும். ஒரே ஸ்லாப் நடுச்சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குத் தொடர்ந்து போனால், அந்த நடுச்சுவரின் மேலும் இதே நிலைதான். எங்கள் ஜன்னல் சன்ஷேடுக்கும் ஓடு வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று வீட்டில் கேட்டார்கள். பொறியாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

சுவரோரத்தையும் திடமாக விட வேண்டும். இதற்கு இரண்டு காரணம். சுமை சுவருக்குள் இறங்கும் இடத்தில் ஸ்லாப்பைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை அதிகம், அதைத் தாங்க முழுக் கனமும் வேண்டும். இன்னொன்று, மேலே கைப்பிடிச் சுவர் ஏறியதும் அதன் எடை ஸ்லாப்பின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஓரத்தில் மேல்பக்கமும் கொஞ்சம் இழுபடும், அதற்கு மேல் கம்பி வேண்டும். எங்களுக்குச் சுவர் முகத்திலிருந்து குறைந்தது 300 மி.மீ. ஓடில்லாமல் விடச் சொன்னார். அகலவாட்டு இடைவெளியில் அது பத்தில் ஒரு பங்கு. மூலைகளில் மேல்பக்கம் தனியாகக் கம்பி வலை ஒன்றும் கொடுத்தார்.

இந்த 300-ஐ வைத்துக்கொண்டு ஓடுகளை அடுக்கிப் பார்த்தால்தான் உண்மையான சேமிப்பு தெரிகிறது. மங்களூர் ஓடு 410-க்கு 235 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று அடைபட்டு, ஜோடியின் உயரம் கிட்டத்தட்ட 70 மி.மீ. வருகிறது. 125-ல் 70 போனால் ஓட்டின் மேல் 55 மி.மீ. கான்கிரீட் இருக்கும். 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது அவர் வைத்த கோடு. 100 மி.மீ. ஸ்லாப்பிலேயே இரண்டு ஓடு வைத்து, மேலே 30 மட்டும் விட்டுப் போட்ட கூரையை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் நசுங்கும் பகுதி அதற்குள் அடங்கிவிடலாம். ஆனால் அந்த 30-க்குள் ஒரு சின்ன விரிசல் போதும், தண்ணீர் நேராக ஓட்டின் குழிக்குள் போய்விடும். மாடியில் கனமான பொருளை வைத்தாலும் மெல்லிய தோல் தாங்காது.

ஓட்டின் நீளப் பக்கத்தை அறையின் அகலவாட்டில், அதாவது 3 மீட்டர் வாட்டில் வைத்தோம். காரணம், முக்கியக் கம்பி அந்த வாட்டில்தான் போகிறது, அது நெருக்கமாக வர வேண்டும். ஓட்டின் குறுகிய பக்கம் 235, இடையில் 75 மி.மீ. வரிசை விட்டால் 310-க்கு ஒரு 10 மி.மீ. கம்பி. இப்படி 11 ஓட்டு வரிசை வைத்தபோது இரு ஓரத்திலும் 430 மி.மீ. அளவுக்குத் திட இடம் மிஞ்சியது. அகலவாட்டில் 85 மி.மீ. இடைவெளியோடு 5 ஓடு, ஓரத்தில் 305. அந்த 85 வரிசைகளில் நீளவாட்டுக் கம்பி, 8 மி.மீ.யில் இரண்டிரண்டு. ஆக 55 ஜோடி, 110 ஓடு. இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பு ஐ.எஸ். 456, இப்படி வார்க்கும் விலா வரிசைகள் 65 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஓடு சற்று நகர்ந்தாலும் அதற்குக் கீழே போய்விடக் கூடாது என்றுதான் 75 வைத்தோம்.

கணக்கைப் பாருங்கள். சுவர் மேல் உட்காரும் பகுதியையும் சேர்த்து இந்த ஸ்லாப் 125 கனத்தில் கிட்டத்தட்ட 2 கன மீட்டர். ஓடுகள் பிடித்துக்கொண்ட இடம் 0.37 கன மீட்டர். அதாவது 18 சதவீதம். கான்கிரீட்டில் 900 கிலோவுக்கு அருகில் போனது, ஓடாக 275 கிலோ போல் திரும்பி வந்தது. முப்பது, நாற்பது சதவீதம் என்று சொல்வதைக் கேட்டு இறங்குபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஓரத்தைத் திடமாக விட்டால் ஒரு படுக்கையறையில் வரக்கூடிய நேர்மையான எண் இதுதான். அறை சிறுத்தால் இன்னும் குறையும். 1.5-க்கு 2.1 மீட்டர் கழிப்பறையில் ஓரத்தைக் கழித்தால் நடுவில் 0.9-க்கு 1.5 மட்டும் மிஞ்சும். அங்கே குழாய்க்குத் துளையும் வேண்டும். அதைப் பேசாமல் திட ஸ்லாப்பாகப் போட்டுவிடுவது நல்லது.

ஓடு தேர்ந்தெடுக்கும்போது புது ஓடு வாங்கவில்லை, பழைய கூரையிலிருந்து பிரித்ததுதான். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். கணீரென்றால் எடுத்தோம், மந்தமாகக் கேட்டால் ஒதுக்கினோம். பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தவற்றைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். அப்புறம் கான்கிரீட்டுக்கு முதல் நாள் இரவே தொட்டியில் ஊறப் போட்டோம். காய்ந்த ஓடு பக்கத்திலுள்ள கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். 75 மி.மீ. அகலமே உள்ள வரிசையில் இரு பக்கமும் அப்படி உறிஞ்சினால் சிமெண்ட் கெட்டிப்படத் தண்ணீர் போதாது, ஓட்டோடு ஒட்டவும் செய்யாது.

சென்ட்ரிங் ஷீட்டின் மேல் நீல நூல் அடித்து 55 கட்டமும் வரைந்தோம். கம்பியைக் கட்டி, 20 மி.மீ. கவர் பிளாக் கொடுத்த பிறகு, கட்டங்களுக்குள் ஓடுகளை இறக்கினோம். மின்சாரக் குழாய்களை ஓட்டின் மேல் குறுக்கே போட எலெக்ட்ரீஷியன் ஆசைப்பட்டார், அதுதான் குறுக்கு வழி. 55 மி.மீ. கனத்துக்குள் 25 மி.மீ. குழாய் படுத்தால் ஓட்டின் மேல் இருக்கும் கான்கிரீட்டில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். குழாய்களை ஓரத் திடப் பகுதியில் சுற்றிக் கொண்டுவந்து, வரிசைகளுக்குள் திருப்பினோம். கொஞ்சம் குழாய் கூடுதலாக ஆனது. ஃபேன் கொக்கியை நடுவில் உள்ள ஓட்டுக்குப் பக்கத்தில், வரிசைகள் சந்திக்கும் இடத்தில் கம்பியோடு கட்டினோம். அறையின் சரியான மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஓர் அடி விலகித்தான் ஃபேன் தொங்குகிறது. இதுவரை யாரும் கவனித்துச் சொல்லவில்லை.

கான்கிரீட் போடும் நாள்தான் சிக்கல். முக்கால் அங்குல ஜல்லிக்குப் பதில் அரை அங்குல ஜல்லியைக் கலந்தோம், எம்20 கலவை. வைப்ரேட்டருக்கு 25 மி.மீ. ஊசி. வழக்கமான 40 மி.மீ. ஊசி 75 வரிசைக்குள் கம்பியையும் ஓட்டையும் இடித்துக்கொண்டே இருக்கும். நடக்க மரப்பலகை போட்டிருந்தோம். முதலில் வரிசைகளை நிரப்பி, வைப்ரேட்டர் விட்டு, பிறகு மேலே மூட வேண்டும் என்று ஒத்திகைபோலச் சொல்லி வைத்திருந்தேன். காலை முழுவதும் சரியாகப் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு வேகம் கூடியது. ஒருவர் சட்டியைக் கவிழ்த்த வேகத்தில் இரண்டு ஓடு ஜோடிகள் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டன. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய பிறகு முட்டுகளை எடுத்தோம். ஷீட் இறங்கியதும் அடிப்பக்கம் சிவப்பு ஓடும் சாம்பல் நிறக் கோடுமாகத் தெரிந்தது. கிழக்குச் சுவர்ப் பக்கம் நீளவாட்டு வரிசை ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒடுங்கியிருந்தது. டேப் வைத்தால் 45 மி.மீ. அதில் ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஜல்லி தனித்தனியாகத் தெரிந்தது, தேன்கூடுபோல. அடியில் கம்பியின் கருமை கண்ணுக்குத் தெரிந்தது.

சின்ன சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இங்கே உதவியது. ஆனால் எங்கே தட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும். ஓட்டின் நடுவில் தட்டினால் டொப்பென்று கேட்கும், அது கோளாறல்ல, உள்ளே காற்று இருக்கிறது. வரிசையின் மேல் தட்டினால் கல்லைத் தட்டியதுபோல் இறுக்கமான ஒலி வர வேண்டும். வரிசையிலேயே டொப்பென்றால்தான் கவலை. நான் எல்லா வரிசையையும் கைநீளத்துக்கு ஒருமுறை தட்டி, சந்தேகப்பட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மூன்று வட்டம் விழுந்தன. இரண்டு மேலோட்டமானவை. மூன்றாவதுதான் அந்தத் தேன்கூடு.

பொறியாளர் வந்து பார்த்தார். கம்பியின் பிடிப்பு சந்தேகமான நீளம் குறைவு, அது சுமை அதிகம் ஏற்கும் அகலவாட்டு வரிசை அல்ல, நீளவாட்டில் உள்ளது, பக்கத்து வரிசைகள் நன்றாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் சரிசெய்யச் சொன்னார். தளர்ந்த ஜல்லி முழுவதையும் உளியால் கொத்தி எடுத்தோம், கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு. ஒரு நாள் ஈரத்துணி கட்டி வைத்தோம். பிறகு சுருங்காத ரிப்பேர் கலவையை இரண்டு தடவையாக அழுத்தி அடைத்தோம். நடு இடைவெளியில் முக்கியக் கம்பி வரிசையில் இப்படி ஆகியிருந்தால் வெறும் பூச்சோடு விட்டிருக்க மாட்டேன் என்றார். சரிசெய்த இடம் இன்றும் வேறு சாம்பல் நிறத்தில் தெரிகிறது. பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது தெரிந்தால்தான் வருடா வருடம் அண்ணாந்து பார்க்கத் தோன்றும்.

அடுத்த முறை செய்தால், ஓடு ஜோடியின் இரு முனையிலும் ஒரு கரண்டி சிமெண்ட் கலவை வைத்து ஷீட்டோடு ஒட்டிவிட்டு, அது இறுகிய பிறகே கான்கிரீட்டுக்கு ஆள் கூப்பிடுவேன். அரை நாள் வேலைதான். ஓட்டின் அடியில் சிமெண்ட் பால் புகுந்து வெள்ளையாகப் படிந்ததையும் ஷீட் இறங்கிய அன்றே ஈரச் சாக்கால் துடைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டதால் கம்பி பிரஷ் போட்டும் முழுதாகப் போகவில்லை.

இனி பலகைக் கூரை. இது ரூர்கீயில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை, இதற்கென்று தனியாக ஐ.எஸ். விதிகளும் இருக்கின்றன. அறைக்குக் குறுக்கே சிறு பீம்களை வைத்து, பீமுக்கும் பீமுக்கும் நடுவில் மெல்லிய கான்கிரீட் பலகைகளை அடுக்கி, மேலே ஈரக் கான்கிரீட் ஊற்றி எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். பலகை 300 மி.மீ. அகலம், நீளம் 1.5 மீட்டருக்கு மேல் போகாது. கனம் ஒரு பகுதியில் 60, ஒரு பகுதியில் 30. அந்த 30 இருக்கும் பள்ளத்தில் ஊற்றும் கான்கிரீட்தான் பீமோடு சேர்ந்து வேலை செய்கிறது. உள்ளே நீளவாட்டில் 6 மி.மீ. கம்பி மூன்று, குறுக்கே 200-க்கு ஒன்று. எடை 50 கிலோவுக்குள். இரண்டு பேர் தூக்கி மேலே கொடுக்கலாம், கிரேன் வேண்டாம்.

எங்கள் அறையில் 3.6 மீட்டர் வாட்டில் இரண்டு பீம் வைத்தோம். 4.5 மீட்டர் மூன்று தடமாகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் உள்ளுக்குள் 1.4 மீட்டர். தடத்துக்கு 12 பலகை, மொத்தம் 36, உடைசலுக்கு இரண்டு சேர்த்து 38 வார்த்தோம். பீமின் தரையில் வார்த்த பகுதி 150-க்கு 150, அடியில் 12 மி.மீ. கம்பி மூன்று. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் கான்கிரீட்டும் சேர்ந்தால் 210 உயரம். ஒன்று 4 மீட்டர் நீளம், 225 கிலோ போல். எட்டுப் பேர் கயிறு போட்டு ஏற்றினோம்.

எங்களை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது பலகை பீமின் மேல் உட்காரும் இடம். பீமின் அகலமே 150. இரு பக்கமிருந்தும் பலகை வர வேண்டும், நடுவில் ரிங் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றிக் கான்கிரீட் இறங்கவும் வழி வேண்டும். வழக்கமாகக் கம்பி கட்டுபவர் இரு பக்கமும் 25 மி.மீ. கவர் விட்டு, 100 அகலத்தில் ரிங் வளைத்துவிடுவார். அப்படிச் செய்தால் பலகைக்குக் கிடைப்பது 25 மி.மீ. மட்டும், ஓரம் கொஞ்சம் பொரிந்தாலும் பலகை நழுவிவிடும். அதனால் மேலே நீட்டும் ரிங்கை 60 மி.மீ. அகலத்துக்குக் குறுக்கி, பலகைக்கு ஒவ்வொரு பக்கமும் 40 கொடுத்தோம். நடுவில் 70 மி.மீ. இடைவெளியில் கான்கிரீட் நன்றாக இறங்கியது. பலகை நீளம் 1480 வந்தது. சுவரோரத் தடத்தின் பலகைகள் மட்டும் 1500, சுவரின் மேல் 60 உட்காரும்படி. ரிங் வளைப்பதற்கு முன்பே இந்தக் குறுக்குவெட்டை முழு அளவில் ஒரு அட்டையில் வரைந்து பட்டறையில் ஒட்டி வைத்தேன். வாய்ச் சொல்லாக விட்டிருந்தால் நிச்சயம் 100-க்குத்தான் வளைத்திருப்பார்கள்.

பலகைகளைச் சமமான சிமெண்ட் தளத்தின் மேல், எண்ணெய் தடவிய தகர அச்சில் வார்த்தோம். நாளைக்கு எட்டு. மறுநாள் அச்சைக் கழற்றி, அப்படியே ஈரச்சாக்கு. இரண்டு வாரம் தண்ணீரில்தான் இருந்தது. கம்பி அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கிறது, அதனால் பலகையைத் தலைகீழாகத் திருப்பவே கூடாது, நடுவில் ஒற்றை ஆள் தூக்கவும் கூடாது. ஒவ்வொன்றின் மேல்பக்கமும் சிவப்புச் சாயத்தில் அம்புக்குறி போட்டோம். அடுக்கும்போது இரு முனைக்கும் அருகே மரச்சட்டம், மேல் வரிசைச் சட்டம் கீழ் வரிசைச் சட்டத்துக்கு நேர் மேலே. சட்டம் விலகினால் கீழே உள்ள பலகை நடுவில் சுமை வாங்கிவிடும்.

இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் காலையில் மூன்று பலகை கவிழ்ந்து கிடந்தன. இடம் கூட்டுவதற்காக நகர்த்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஏற்றுவதற்கு முன் எல்லாப் பலகை மேலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காய விட்டுப் பார்த்தோம். நல்ல பலகை சீராக வெளுத்துக்கொண்டு வரும். விரிசல் விட்டதில், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் நடுவில் குறுக்கே ஒரு கருங்கோடு பென்சிலால் கிழித்ததுபோல் ஈரமாக நிற்கும். மூன்றில் இரண்டு பலகையில் அந்தக் கோடு இருந்தது. "இது மேலே கான்கிரீட் ஊத்தினா மூடிக்கும்ணே" என்றார் மேஸ்திரி. மேலே ஊற்றுவது மூடும், ஆனால் கோடு அடிப்பக்கம் கம்பி வரை போயிருக்கும், கூரை முழு ஆயுளும் அதன் வழியே கம்பிக்கு ஈரம் போகும். இரண்டையும் தோட்டத்தில் நடைபாதைக்குப் போட்டோம். உபரி இரண்டு கைகொடுத்தது.

ஏற்றும்போது இன்னொரு சங்கடம். பீம்களை வைத்து, அடியில் நடுவில் ஒரு முட்டுக் கொடுத்திருந்தோம். மேல் கான்கிரீட் சேராத வரை 150 உயரப் பீம் தனியாக அவ்வளவு எடையைத் தாங்காது, அதனால் இந்த முட்டு கட்டாயம். பலகைகளை ஒரு பக்கச் சுவரிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்கள். முதல் தடத்தில் ஏழு பலகை ஏறியதும் பீமின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழ் ஒரு பக்கம் ஓடியது. பீமின் ஒரு ஓரத்தில் மட்டும் எடை விழுந்ததால் அது உருளப் பார்த்திருக்கிறது. உடனே நிறுத்தி, நான்கு பலகையை இறக்கி, பீமின் இரு முனையையும் மரக்கட்டை கொடுத்து நேராக்கினோம். பிறகு பீமின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தோம். கான்கிரீட் ஊற்றும் முன் பீமின் அடியில் முனைக்கு முனை 20 மி.மீ. கட்டை வைத்து நூல் இழுத்தேன். நடுவிலும் 20 இருக்க வேண்டும். ஒரு பீமில் 14 வந்தது. முட்டின் திருகைச் சுற்றி உயர்த்தி 20-க்குக் கொண்டுவந்தோம். ஊற்றிய பிறகு கண்டிருந்தால் அந்தத் தொய்வு அப்படியே இறுகிப் போயிருக்கும்.

மூட்டுகளைப் பற்றி. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடிப்பக்கம் கலவையால் அடைத்துவிட்டு, மேலிருந்து ஈரப்படுத்தி, கெட்டியான சிமெண்ட் கலவையைக் குத்தி நிரப்பினோம். பீமின் மேல் குறுக்கே, பலகைகளின் முனைகளைத் தாண்டும்படி 200-க்கு ஒரு கம்பி. பலகைகள் தனித்தனித் துண்டுகள். சுமை ஏறும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் தொய்ய, பீமின் மேல் கான்கிரீட் பிளந்துகொள்ளப் பார்க்கும். அந்தக் கம்பி இல்லாவிட்டால் பீமின் நீளத்துக்கும் ஒரு நேர்க்கோட்டு விரிசல் வரும், மழைத் தண்ணீர் உள்ளே வரும் வழியும் அதுதான். நான்கு சுவரின் மேலும் கம்பி சுற்றிப் பட்டையாகக் கட்டி, பலகையின் மேல் கான்கிரீட்டை அதோடு இணைத்தோம். நிலநடுக்க வாய்ப்புள்ள இடங்களில் இதை விட்டுவிட்டுப் பலகைக் கூரை போடவே கூடாது. சுவர் அசையும்போது 60 மி.மீ. உட்கார்ந்திருக்கும் பலகைக்கு வேறு பிடிமானம் கிடையாது.

அடிப்பக்கம் சிமெண்ட் பூசவில்லை. பூசினால் ஒவ்வொரு மூட்டிலும் அந்தப் பூச்சு கோடு விட்டே தீரும். பலகை இணையும் இடமெல்லாம் வி வடிவில் சிறு பள்ளம் விட்டு, வெள்ளை அடித்தோம். கோடு கோடாகத் தெரிகிறது, ஆனால் அது நாம் போட்ட கோடு.

கான்கிரீட் கணக்கில் இந்த அறை நன்றாக இருந்தது. 130 மி.மீ. திட ஸ்லாப்புக்கு 2.6 கன மீட்டர் ஆகியிருக்கும், இங்கே பலகை, பீம், மேல் கான்கிரீட் எல்லாம் சேர்த்து 1.4 போல். ஷீட் சென்ட்ரிங் தேவைப்படவில்லை, இரண்டு முட்டோடு முடிந்தது. ஓட்டுக் கூரையில் அந்த லாபம் கிடையாது, முழு அறைக்கும் சென்ட்ரிங் அடித்தே ஆக வேண்டும். ஆனால் ஓட்டுக் கூரையை எந்தக் கொத்தனாரும் வழக்கமான பழக்கத்திலேயே ஒரே நாளில் போட்டுவிடலாம். பலகைக்கு அச்சு, வார்க்க இடம், ஒரு மாத முன்னேற்பாடு, தூக்க ஆள் வேண்டும். ஒரே ஓர் அறைக்காக அச்சு செய்தது எனக்குக் கையைக் கடித்தது. ஒரே அளவில் நாலைந்து அறை இருந்தால் கணக்கே வேறு. பலகையில் பிறகு துளை போட முடியாது, வெட்டவும் முடியாது. மாடிக்குக் குழாய் வேண்டிய இடத்தில் ஒரு பலகையை விட்டுவிட்டு, அந்த 300 மி.மீ. பட்டையைக் கம்பி கட்டி அங்கேயே வார்த்தோம்.

இரண்டு கூரைக்கும் மேலே சரிவு கொடுத்து நீர்த்தடுப்புப் பூச்சும் தட்டோடும் போட்டிருக்கிறது. ஓட்டுக் கூரையில் இதில் தனிக் கவனம் வேண்டும். விரிசலில் இறங்கும் தண்ணீர் ஓட்டின் குழியில் தேங்கி, அடுத்த குழிக்கு நகர்ந்து, எங்கோ சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கொத்தினால் ஒன்றும் அகப்படாது. அதனால் பூச்சுப் போடும் முன் மூன்று நாள் ஒரு சாண் உயரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். ஒரு ஓட்டின் ஓரத்தில் இருட்டான வளையம் தெரிந்தது, வடிகால் வாயைச் சுற்றி அடைத்ததும் நின்றது. தண்ணீர்த் தொட்டியை இரண்டு கூரையின் நடுவிலும் வைக்கவில்லை. இரண்டு அறைக்கும் பொதுவான சுவரின் மேல், திடப் பகுதியில் பீடம் கட்டி வைத்திருக்கிறோம்.

ஓடு எங்கே, வரிசை எங்கே, குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்தப் பலகைக்குப் பதில் அங்கேயே வார்த்த பட்டை என்று இரண்டு கூரையையும் அளவோடு வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவிட்ச் போர்டு பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் திரைச்சீலைக் கம்பி மாட்ட வந்தவர் டிரில்லை எடுத்தபோது, முதலில் அந்தத் தாளைத்தான் காட்டினேன். சுவரிலிருந்து 200 மி.மீ. தள்ளி, திடப் பகுதியில் துளை போட்டுவிட்டுப் போனார்.